உடைந்த எலிவேட்டர் ஷாஃப்ட்: ஸ்டீலை மாற்றுவதா, மூலையை மாற்றுவதா, விட்டத்தை மாற்றுவதா?

சம்பா அறுவடை நேரத்தில் டெல்டாவில் எந்த அரிசி ஆலையும் ஒரு நாள் நிற்க விரும்பாது. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே இருக்கும் ஓர் ஆலையில் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் தலை ஷாஃப்ட் முறிந்தது. முதல் முறை முறிந்ததும் அதே அளவில் புதிதாகக் கடைந்து போட்டார்கள். அதுவும் பத்து நாளுக்குள் அதே இடத்தில் முறிந்தது. இரண்டாவது முறை ஆலைக்காரர் முன் நான்கு யோசனைகள் வந்தன. வெல்டு வைத்து இன்றைக்கே ஓட்டலாம் என்றார் ஆலை மெக்கானிக். "அண்ணே, இஎன்-24ல போட்ருவோம், அப்புறம் ஜென்மத்துக்கும் உடையாது" என்று இன்னும் வலுவான ஸ்டீலைச் சொன்னார் லேத் பட்டறைத் தம்பி. அதே இஎன்-8 ஸ்டீலில், விட்டம் மாறும் ஸ்டெப்பின் மூலையை மட்டும் நன்றாக வளைத்துக் கடைந்து, புல்லியை உள்ளே தள்ளலாம் என்பது மூன்றாவது யோசனை. புல்லி உட்காரும் பகுதியை 30 மி.மீ.யிலிருந்து 35 ஆக்கலாம் என்பது நான்காவது. பலரும் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். அது ஏன் இங்கே பலவீனமான தேர்வு, எதை எடுத்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

முதலில் முறிந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் பேரிங் இருக்கும் இடத்தில் 40 மி.மீ. பெரிய பேரிங் மாற்றியபோது பழைய புல்லியை அப்படியே வைத்துக்கொண்டதால், புல்லிப் பக்கம் 30 மி.மீ.க்குக் கடைந்திருந்தார்கள். 40 முடிந்து 30 தொடங்கும் மூலை கூர்மையாக இருந்தது. வளைவு அரை மி.மீ. இருந்தால் அதிகம். முறிவு சரியாக அந்த மூலையில்தான். முகத்தின் பெரும்பகுதி தட்டையாக, வழவழவென்று, கிரீஸ் ஊறிக் கறுத்திருந்தது. விளிம்பைச் சுற்றிலும் சிறு சிறு படிகள். நடுவை ஒட்டி ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சிறிய இடம் மட்டும் சொரசொரப்பாக, புதிதாகப் பளபளத்தது. ஷாஃப்ட் எங்கும் வளையவில்லை, முறுக்கிக்கொள்ளவில்லை. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தால் நேராகப் பொருந்தியது.

இவ்வளவும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. இது பாரம் தாங்காமல் ஒரே அடியில் உடைந்த ஷாஃப்ட் இல்லை. விளிம்பில் பல இடங்களில் விரிசல் பிறந்து, நாள் கணக்கில் உள்நோக்கி நகர்ந்து, கடைசியில் மிச்சமிருந்த சின்ன வட்டம் மட்டும் சட்டென்று போயிருக்கிறது. அந்தக் கறுத்த பகுதி பழைய விரிசல். இதுதான் உலோகச் சோர்வு முறிவு.

ஆலைக்காரருக்கு இதில் கோபம் வந்தது நியாயமே. பாரத்தைக் கணக்குப் பார்த்தால் ஷாஃப்ட் உடைய வழியே இல்லை. எலிவேட்டருக்குப் போகும் சக்தி 2 குதிரைத்திறன், வேகம் நிமிடத்துக்கு 75 சுற்று. 300 மி.மீ. புல்லியில் வி-பெல்ட்டின் மொத்த இழுவை ஏறக்குறைய 2,550 நியூட்டன், அதாவது 260 கிலோ. பெல்ட் இழுக்கும் கோடு அந்த மூலையிலிருந்து 120 மி.மீ. தள்ளி இருக்கிறது. இதனால் 30 மி.மீ. பகுதியில் வரும் வளைவுத் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மி.மீ.யிலும் விழும் விசை, 115 மெகாபாஸ்கல். திருகலால் வருவது 36. இரண்டையும் முறைப்படி சேர்த்தால் 131. இந்த இஎன்-8 ஸ்டீலின் ஈல்டு வலிமை, அதாவது அது நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு, 340 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டரை மடங்குக்கு மேல் பாதுகாப்பு இருக்கிறது. கூர்மையான மூலையில் தகைவு இரண்டரை மடங்காகக் குவியும் என்று சேர்த்தால்கூட வளைவுத் தகைவு 288தான். அந்த மூலைகூட ஈல்டைத் தொடவில்லை.

அப்படியானால் ஏன் முறிந்தது? கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதைப் போல என்று இதை விளக்குவது வழக்கம். அந்த உவமை தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். கம்பியை மடக்கும் ஒவ்வொரு முறையும் நாம் ஈல்டைத் தாண்டித்தான் மடக்குகிறோம், அதனால்தான் அது வளைந்தபடி நிற்கிறது. இந்த ஷாஃப்ட் ஒரு தடவைகூட அப்படி வளையவில்லை.

ஈல்டு வலிமை என்பது ஸ்டீல் துண்டு முழுவதற்குமான சராசரி எண். இழுவைச் சோதனையில் துண்டு முழுவதும் கண்டறியக்கூடிய அளவுக்கு நிரந்தரமாக நீளும்போது குறிப்பது அது. ஆனால் ஸ்டீல் ஒரே கட்டி இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான படிக மணிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் அடுக்கப்பட்டவை. ஒட்டுமொத்தத் தகைவு ஈல்டுக்குக் கீழே இருக்கும்போதே, வழுக்குவதற்கு வாட்டமான திசையில் அடுக்கு அமைந்த சில மணிகள் உள்ளே கொஞ்சம் வழுக்கிவிடும். மேற்பரப்பில் இருக்கும் மணிக்கு ஒரு பக்கம் தடுப்பு இல்லை, அதனால் அங்கேதான் இது முதலில் நடக்கும்.

ஒரே ஒரு முறை என்றால் இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் சுற்றும் ஷாஃப்ட்டில் மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒரு முறை இழுபடுகிறது, ஒரு முறை அமுங்குகிறது. இழுபடும்போது முன்னே வழுக்கியது அமுங்கும்போது அதே தடத்தில் முழுமையாகத் திரும்புவதில்லை. ஆயிரக்கணக்கான சுற்றுகளில் அந்த மணியின் மேல் நுண்ணிய மேடுகளும் பள்ளங்களும் உண்டாகின்றன. 1903ல் யூயிங், ஹம்ஃப்ரி இருவரும் சுவீடன் இரும்பைச் சுழற்றி வளைத்து, நுண்ணோக்கியில் இந்த வழுக்குக் கோடுகள் சுற்றுக்குச் சுற்று தடித்து விரிசலாக மாறுவதைப் பார்த்தார்கள். அந்தப் பள்ளம் ஒன்று விரிசலாகிவிட்டால் அதன் நுனி எந்த மூலையையும் விடக் கூர்மையானது. அப்புறம் அது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும். ஈல்டு வலிமை என்ன என்ற கேள்வியை விட, எத்தனை சுற்று என்ற கேள்விதான் இங்கே முக்கியம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தருவதுதான் எஸ்-என் வளைகோடு. பிரஷ்ய ரயில்வேயில் வேலை பார்த்த ஆகஸ்ட் வோலர், முறியும் ரயில் அச்சுகளைப் புரிந்துகொள்ள 1850களின் பிற்பகுதி தொடங்கி 1870 வரை செய்த சோதனைகளிலிருந்து வந்தது இது. ஒரே மாதிரியான வழவழப்பான துண்டுகளை வெவ்வேறு தகைவில் சுழற்றி, ஒவ்வொன்றும் எத்தனையாவது சுற்றில் முறிகிறது என்று குறிக்கிறார்கள். நிமிர்ந்த அச்சில் தகைவு, கிடை அச்சில் சுற்று எண்ணிக்கை. சுற்று எண்ணிக்கை பத்து பத்து மடங்காகப் போகும் அளவில் இருக்கும். தகைவைக் குறைக்கக் குறைக்க ஆயுள் நீள்கிறது. சாதாரண ஸ்டீலில் சுமார் பத்து லட்சம் சுற்றுக்கு அருகே கோடு மடங்கிக் கிடைமட்டமாகிறது. அந்த மட்டத்துக்குக் கீழே தகைவை வைத்தால் துண்டு முறியாது என்று எடுத்துக்கொள்ளலாம். அதைத்தான் தாங்கு எல்லை என்கிறோம். அலுமினியத்துக்கு இப்படித் தெளிவான மடக்கு கிடையாது.

இந்த எலிவேட்டர் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 45,000 சுற்று. 23 நாளில் பத்து லட்சம் தாண்டிவிடும். ஆகவே ஒரு சீசன் தாங்கினால் போதும் என்று நினைத்தாலும் கோட்டின் சரிவான பகுதியில் நமக்கு இடமில்லை. தாங்கு எல்லைக்குக் கீழே போயே ஆக வேண்டும்.

சோதனைத் துண்டின் கோட்டை அப்படியே ஷாஃப்ட்டுக்குப் போட முடியாது. இஎன்-8ன் இழுவிசை வலிமை, அதாவது இழுத்து அறுக்கும் தகைவு, 600 என்றால் கண்ணாடி போல் தேய்த்த சின்னத் துண்டின் தாங்கு எல்லை அதில் பாதி, 300. லேத்தில் கடைந்த மேற்பரப்பில் கருவிக் கீறல்கள் இருப்பதால் 0.8ஆல் பெருக்குகிறோம். துண்டு பெரிதானால் பலவீனமான மணி மேற்பரப்பில் அமைய வாய்ப்பு கூடுவதால் 0.85. வருவது 204. மூலையின் குவிப்பைத் தகைவுப் பக்கம் சேர்க்கிறோம். இங்கே முழு இரண்டரை மடங்கு எடுப்பதில்லை, ஏனென்றால் அவ்வளவு சின்ன மூலையில் மென்மையான ஸ்டீல் குவிப்பை முழுமையாக உணர்வதில்லை. இஎன்-8க்கு அது ஏறக்குறைய 2 மடங்காகிறது. 115ஐ இரண்டால் பெருக்கினால் 230. எல்லையோ 204. அவ்வளவுதான் விஷயம்.

ஆயிரம் சுற்றில் இழுவிசை வலிமையின் 0.9 பங்கு, பத்து லட்சம் சுற்றில் 204 என்று இரண்டு புள்ளியை இணைத்துக் கோடு போட்டால் சூத்திரம் இப்படி வரும்:

```
N = 10^6 × (S / 204)^(-7.1)
```

S இடத்தில் 230 போட்டால் N ஏறக்குறைய 4,30,000. ஒரு நாளைக்கு 45,000 என்றால் ஒன்பதரை நாள். பத்து நாளுக்குள் முறிந்தது என்று ஆலையில் சொன்னதோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் இந்தப் பொருத்தத்தை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. ஒரே தகைவில் ஒரே மாதிரித் துண்டுகளைச் சோதித்தாலே ஆயுள் பல மடங்கு மாறும். நாம் போடும் கோடு அந்தச் சிதறலின் நடுவே போவது. ஒன்பதரை என்று வந்தது ஐந்தாகவோ இருபதாகவோ இருந்திருந்தாலும் கணக்கு தப்பு என்று சொல்லியிருக்க முடியாது.

அந்த 7.1 என்ற அடுக்குதான் எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது. நெல் ஈரமாக வரும் நாளில் பெல்ட் வழுக்கும். உடனே மோட்டாரைப் பின்னுக்கு இழுத்து பெல்ட்டை இறுக்குவார்கள். அதனால் இழுவை கால் பங்கு கூடினால் 230 என்பது 287 ஆகிறது. சூத்திரத்தில் போட்டால் 89,000 சுற்று, சரியாக இரண்டு நாள். 25 சதவீத இழுவைக்கு ஆயுளில் ஐந்தில் நான்கு பங்கு போய்விடுகிறது. பெல்ட்டை இறுக்குவதை யாரும் தடுக்க முடியாது. ஆகவே எந்த யோசனையையும் இந்தக் கால் பங்கை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

இதோடு சிதறலுக்கும் இடம் விட வேண்டும். நூற்றில் தொண்ணூற்றொன்பது ஷாஃப்ட்டாவது நிற்க வேண்டும் என்றால் நடுக்கோட்டை 0.81ஆல் குறைப்பது வழக்கம். அதாவது 1.23 மடங்கு. அதைப் பெல்ட்டின் 1.25ஆல் பெருக்கினால் 1.54. தாங்கு எல்லையை மூலைத் தகைவால் வகுத்தால் குறைந்தது இந்த எண் வர வேண்டும். இப்போதைய ஷாஃப்ட்டில் அது 0.89.

வெல்டு யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 0.4 சதவீதக் கார்பன் உள்ள ஸ்டீலைச் சூடேற்றாமல் வெல்டு வைத்தால் ஓரம் கண்ணாடி போல் கடினமாகி விரிசல் விடும். வெல்டு ஆறும்போது சுருங்கி உள்ளேயே இழுவைத் தகைவை விட்டுப்போகும். அதிகபட்ச வளைவுத் தகைவு வரும் இடத்திலேயே அதை வைக்கிறோம். வெல்டு மூட்டுகளுக்கான வடிவமைப்புக் கோட்டில் ஒரு நல்ல முட்டு வெல்டின் இடத்தில் இதை வைத்துப் பார்த்தால் இரண்டு நாளுக்கு உறுதி தர முடியாது. நெல் நனைகிறது, வேறு வழியில்லை என்றால்கூட நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். தலை ஷாஃப்ட் உச்சியில் இருக்கிறது. அது முறிந்தால் வாளிப் பட்டை முழுவதும் உள்ளே சரியும்.

இஎன்-24க்கு வருவோம். பதப்படுத்திய இஎன்-24ன் இழுவிசை வலிமை 900, ஈல்டு 650க்கு மேல். ஈல்டை மட்டும் பார்ப்பவருக்கு இது இரண்டு மடங்கு வலுவான ஷாஃப்ட். எஸ்-என் கோட்டில் அந்த இரட்டிப்பு கரைந்துபோகிறது. துண்டின் தாங்கு எல்லை 450. ஆனால் கடினமான ஸ்டீலை லேத் கீறல் அதிகமாகப் பாதிக்கும், 0.8 இங்கே 0.74 ஆகிறது. அளவுக்கான 0.85ஐயும் சேர்த்தால் 283. மூலையின் கூர்மையை இந்த ஸ்டீல் இன்னும் நன்றாக உணரும், 2 மடங்கு 2.15 ஆகிறது. மூலைத் தகைவு 247. வகுத்தால் 1.15. நடுக்கோட்டின்படி முறியாது, அதனால் லேத் தம்பி சொன்னதில் பாதி உண்மை. பெல்ட்டைக் கால் பங்கு இறுக்கினால் 309 ஆகி எல்லையைத் தாண்டுகிறது, ஆயுள் இரண்டு வாரத்துக்குள் வந்து நிற்கிறது. இத்தனைக்கும் இதற்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ சொல்லி ஸ்டீல் வரவழைக்க வேண்டும். பதப்படுத்திய கம்பியா இல்லையா என்று கடையில் உறுதியாகக் கேட்டுச் சான்றிதழ் பார்த்து வாங்க வேண்டும். விலையும் நேரமும் கூடுதல், கிடைப்பதோ 1.15.

மூலையை வளைப்பதற்கு ஆகும் செலவு, கடையும் கருவியின் மூக்கைத் தீட்டும் நேரம் மட்டுமே. ஸ்டெப்பின் உயரம் 5 மி.மீ. அந்த மூலையில் பேரிங்கோ புல்லியோ வந்து முட்டவில்லை. அதனால் 4 மி.மீ. வளைவு தாராளமாக வைக்கலாம். குவிப்பு 2லிருந்து 1.45 ஆகிறது, மூலைத் தகைவு 167. அந்த வளைவை மட்டும் எமரி தாளால் நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கினால் மேற்பரப்புக் குறைப்பு 0.8லிருந்து 0.9க்கு ஏறி எல்லை 230 ஆகிறது. வகுத்தால் 1.38. ஒரே ஸ்டீல், ஒரே விட்டம், ஈல்டில் துளியும் மாற்றமில்லை. ஆனாலும் இஎன்-24ஐத் தாண்டிவிட்டது. பெல்ட்டைக் கால் பங்கு இறுக்கினாலும் 209, எல்லைக்குக் கீழேதான்.

ஆனால் 1.54 வரவில்லை. அங்கேதான் புல்லியை உள்ளே தள்ளுவது கைகொடுக்கிறது. 120 மி.மீ. தொங்கலை 80 ஆக்கினால் வளைவுத் தகைவு அப்படியே மூன்றில் இரண்டு பங்காகிறது. இதை மட்டும் தனியாகச் செய்தால் 1.33. மூலையின் 4 மி.மீ. வளைவோடு சேர்த்துச் செய்தால் மூலைத் தகைவு 111, விகிதம் 2.07. புல்லியின் குடத்துக்கும் வளைவுக்கும் இடையே இன்னும் 50 மி.மீ. காலி இருக்கிறது. மோட்டாரையும் அதே 40 மி.மீ. நகர்த்திப் பெல்ட் நேராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், கவசத் தகட்டை வெட்டி மாற்ற வேண்டும். அவ்வளவே.

விட்டத்தை 35 ஆக்குவது தனியாகவே 1.54ஐத் தாண்டும் ஒரே வழி. வளைவுத் தகைவு விட்டத்தின் மும்மடிக்கு எதிர்விகிதமாகக் குறைவதால் 115 என்பது 73 ஆகிறது. ஸ்டெப் உயரம் இரண்டரை மி.மீ.தான் என்பதால் 2 மி.மீ. வளைவுதான் வைக்க முடியும். அப்படியும் மூலைத் தகைவு 121, விகிதம் 1.69. சிக்கல் புல்லியில் இருக்கிறது. பழைய வார்ப்பிரும்புப் புல்லியின் துளையை 35க்குப் பெரிதாக்கி, சாவித்தடத்தைப் புதிதாக வெட்ட வேண்டும். குடத்தின் சுவர் அதற்குத் தாங்குமா என்று அளக்க வேண்டும். சுவர் மெலிந்தால் புதுப் புல்லிதான். அறுவடை நடுவே இது ஒரு நாள் வேலையில்லை.

ஆகவே என் தேர்வு: இப்போதைக்கு அதே இஎன்-8, 4 மி.மீ. வளைவு, தேய்த்த மேற்பரப்பு, 80 மி.மீ. தொங்கல். புல்லி எப்படியும் மாற்ற வேண்டிய நிலைக்கு வரும்போது 35க்குப் போகலாம். புல்லியை உள்ளே தள்ள இடமே இல்லாத ஆலை என்றால் வளைவை மட்டும் நம்பாமல் நேராக 35க்குப் போவதே சரி.

பட்டறையில் சொல்ல வேண்டியவை சில. வளைவை "கொஞ்சம் ரேடியஸ் வை" என்று வாய்வார்த்தையில் விடாமல் படத்தில் 4 என்று எழுதி, ரேடியஸ் கேஜ் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். வளைவு 30 மி.மீ. பகுதியோடு சேரும் இடத்தில் சின்னப் படி விழுந்தாலும் பழைய மூலைதான். கடைசித் தேய்ப்பு ஷாஃப்ட்டின் நீளவாக்கில் இருக்கட்டும். லேத் சுற்றும்போது எமரியைப் பிடித்தால் கீறல்கள் சுற்றுவாக்கில் விழும், இழுவைக்குக் குறுக்காக நிற்கும். வளைவின் பக்கத்தில் எண் குத்தவோ, அங்கே கிரப் ஸ்க்ரூவை இறுக்கவோ கூடாது.

இந்தக் கணக்கெல்லாம் துரு இல்லாத ஷாஃப்ட்டுக்கு மட்டும். புழுங்கல் ஆலையில் ஆவியும் ஈரமும் எப்போதும் இருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றும் சேரும். துருப்பிடித்துக்கொண்டே சுற்றும் ஸ்டீலுக்குக் கோட்டில் அந்தக் கிடைமட்டப் பகுதியே வராது, சரிந்துகொண்டே போகும். 2.07 என்ற இடைவெளி அதில் கொஞ்சத்தைத்தான் தாங்கும். அதனால் வளைவுப் பகுதிக்கு ரெட் ஆக்ஸைடும் அதன் மேல் பெயின்ட்டும் அடித்து, ஆவி நேராகப் படாமல் தகடு வைக்க வேண்டும். சம்பா முடிந்து ஆலை ஓயும் மாதங்களில் பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து வெள்ளைப் பொடி தெளிக்கும் விரிசல் சோதனையை அந்த வளைவில் ஒருமுறை செய்தால் போதும். வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடு ஊறி வந்தால் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட வேண்டும். விரிசலைத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டுவதற்கு 30 மி.மீ.யில் சதை இல்லை.